உறிஞ்சாத கன்றுக்குக் குழாய் வழியே சீம்பால்

*ஐயா, எனக்கு இரண்டு மாடுகள். போன ஆடியில் தலையீற்று மாடு ஒன்று ஈன முடியாமல் தவித்து, கயிறு கட்டி இழுத்துத்தான் கன்றை எடுத்தோம். கன்று மடியில் வாய் வைக்கவே இல்லை. சீம்பாலைப் போத்தலில் எடுத்து, தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றினோம். மூக்கு வழியாகப் பால் வந்தது. மூன்றாம் நாள் கன்று இறந்துவிட்டது. இப்போது மற்ற மாடு ஈனும் மாதம். நுனியில் குமிழ் உள்ள ஒரு குழாயும் பையும் உறவினர் ஒருவர் தந்திருக்கிறார். அதைப் போடப் பயமாக இருக்கிறது. சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு தடவைக்கு எவ்வளவு கொடுக்கலாம்?*
*— ஒரு வாசகர், அக்கரப்பத்தனை*

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், அந்தக் கன்றின் நுரையீரலுக்குள் பால் போயிருக்கவே வாய்ப்பு அதிகம். இழுத்து எடுத்த கன்றுக்குப் பிறக்கும்போதே மூச்சு முட்டியிருக்கும். நாக்கு வீங்கியிருக்கும். அப்படிப்பட்ட கன்றுக்கு உறிஞ்சும் உணர்வு மட்டுமல்ல, பல நேரம் விழுங்கும் உணர்வும் மங்கிப்போயிருக்கும். தலையை மேலே தூக்கிப் பிடித்து ஊற்றும்போது பால் தொண்டையில் தேங்கி, அடுத்த மூச்சோடு மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடுகிறது. அதனால் உறிஞ்சாத கன்றின் வாயில் போத்தலாலோ மூங்கில் குழாயாலோ எதையும் ஊற்றாதீர்கள். கொஞ்சமாக ஊற்றினால் பரவாயில்லை என்றும் நினைக்காதீர்கள்.

உங்கள் கையில் இருக்கும் குழாய் தொண்டையைத் தாண்டிப் பாலைக் கீழே கொண்டுபோய் விடுகிறது. சரியான வழியில் இறங்கினால் அது போத்தலைவிடப் பலமடங்கு பாதுகாப்பானது. தவறான வழியில் இறங்கினால் சீம்பால் முழுவதும் நேரே நுரையீரலுக்குப் போய்விடும். கன்று சில நிமிடங்களிலேயே இறந்துவிடலாம். ஆகவே உங்கள் பயம் நியாயமானது. ஆனால் குழாய் எங்கே இருக்கிறது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. கன்றின் கழுத்தைத் தொட்டே அறிந்துகொள்ளலாம். அந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கன்றுக்குக் குழாய் தேவையா என்று பாருங்கள். கழுவிய விரலைக் கன்றின் வாயில், நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவில் வையுங்கள். விரலை விடாமல் இழுத்து உறிஞ்சினால் குழாயைத் தொடவே வேண்டாம். முலைக்காம்புள்ள போத்தலில் கொடுங்கள், அல்லது மடியில் பிடித்துவிடுங்கள். வாய் குளிர்ந்து, விரலைச் சும்மா மென்றுகொண்டோ அசைவில்லாமலோ இருந்தால், உடம்பைத் துடைத்துச் சூடாக்கிவிட்டு மீண்டும் சோதியுங்கள். பிறந்து இரண்டு மணி நேரம் ஆகியும் உறிஞ்சவில்லை என்றால் குழாயை எடுக்கலாம். நாலு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டாம். சீம்பாலில் உள்ள நோய் எதிர்ப்புச் சத்தைக் கன்றின் குடல் முதல் ஆறு மணி நேரத்தில்தான் நன்றாக உள்வாங்குகிறது. அதன் பிறகு அந்த வாசல் மூடிக்கொண்டே வந்து, ஒரு நாள் ஆகும்போது ஏறக்குறைய அடைபட்டுவிடும்.

உங்கள் பக்கத்தில் இரவுக் குளிர் கடுமையானது. நனைந்து பிறந்த கன்று ஈரமான சிமெந்துத் தரையில் கிடந்தால் ஒரு மணி நேரத்திலேயே விறைத்துப்போகும். ஒரு வெப்பமானி வாங்கித் தொழுவத்தில் வைத்திருங்கள். ஆசனவாயில் வைத்துப் பார்த்தால் ஆரோக்கியமான கன்றுக்கு 38.5 முதல் 39.5 பாகை செல்சியஸ் வரை இருக்கும். 38க்குக் கீழே இருந்தால் சூடேற்றிக்கொண்டே பால் கொடுக்கலாம். 36க்கும் கீழே போய்விட்டால் பாலைத் தள்ளிவைத்து, முதலில் சூடேற்றுங்கள். அந்த அளவுக்குக் குளிர்ந்த கன்றின் வயிறு சரியாக அசையாது. உள்ளே விட்ட பால் மேலே எதிர்த்து வந்து மூச்சுக்குழாயில் இறங்கக்கூடும். காய்ந்த சாக்கால் உடம்பெங்கும் அழுத்தித் துடையுங்கள். வைக்கோலோ காய்ந்த புல்லோ தடிமனாகப் பரப்பி அதன்மேல் கிடத்தி, கம்பளியால் போர்த்துங்கள். கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் நிரப்பிய போத்தல்களைத் துணியில் சுற்றி, முன்னங்கால்களுக்கு உள்பக்கமும் தொடை இடுக்கிலும் வையுங்கள். விறகு மூட்டினால் புகை கன்றின் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி அளவு. கன்றின் எடை தெரியாமல் அளவைச் சொல்ல முடியாது. தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் தராசு கிடைத்தால் கன்றைச் சாக்கில் படுக்கவைத்து, தலை வெளியே இருக்கும்படி பிடித்து நிறுத்துவிடலாம். உங்கள் மாடு பிரீசியன், ஜேர்சி கலப்பு என்று வைத்துக்கொண்டு, கன்று 30 கிலோ இருப்பதாகக் கணக்குப் போடுவோம். முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 3 லீட்டர் சீம்பால் உள்ளே போக வேண்டும். அதை ஒரே தடவையில் விடாதீர்கள். பலவீனமான கன்றுக்கு ஒரு தடவைக்கு எடையில் இருபதில் ஒரு பங்கு போதும். இந்தக் கன்றுக்கு அது ஒன்றரை லீட்டர். முதல் ஒன்றரை லீட்டரை முடிந்தவரை சீக்கிரமாகவும், மற்ற ஒன்றரையை அதிலிருந்து ஆறு மணி நேரம் கழித்தும் கொடுங்கள். கன்று சிறியது, 22 கிலோதான் என்றால் ஒரு தடவைக்கு 1.1 லீட்டர். இந்த அளவுக் கன்றுகளுக்கு ஒரு தடவையில் 2 லீட்டரை எந்தக் காரணத்துக்காகவும் தாண்ட வேண்டாம். பெரிய பண்ணைகளில் 40 கிலோ எடையுள்ள திடமான கன்றுக்கு 3, 4 லீட்டரை ஒரே முறையில் குழாயில் விடுவார்கள். அதைப் பார்த்தோ கேட்டோ உங்கள் கன்றுக்குச் செய்துவிடாதீர்கள். வயிறு கொள்ளாத பால் மேலே எதிர்த்து வந்தால், குழாய் சரியான இடத்தில் இருந்தும் பயனில்லை.

முதல் கறவைச் சீம்பாலையே எடுங்கள். அது கெட்டியாக இருப்பதால் குளிர்ந்திருந்தால் குழாயில் இறங்காது. கன்றின் உடம்பையும் குளிர வைத்துவிடும். பாத்திரத்தை வெந்நீருக்குள் வைத்து, 39 பாகை அளவுக்கு, அதாவது கன்றின் உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். சுற்றியுள்ள தண்ணீர் 50 பாகையைத் தாண்ட வேண்டாம். நேரடியாக அடுப்பில் வைத்தால் சீம்பால் திரிந்துவிடும். எதிர்ப்புச் சத்தும் கெட்டுவிடும்.

இப்போது குழாய். கையில் எடுத்ததும் நுனிக் குமிழைத் தடவிப் பாருங்கள். முன்பு வேறு கன்று கடித்துச் சுரசுரப்பாக்கியிருந்தால் அது தொண்டையைக் கிழிக்கும்; அப்படிப்பட்ட குழாயைப் பயன்படுத்தவே கூடாது. குமிழுக்கு இரண்டு வேலைகள் உண்டு. மூச்சுக்குழாயின் வாயைவிடப் பெரிதாக இருப்பதால் எளிதில் அதற்குள் நுழையாது. உணவுக்குழாயை நிரப்பி நிற்பதால் பால் மேலே எதிர்த்து வருவதையும் ஓரளவு தடுக்கும். சேலைன் குழாயையோ தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயையோ வெட்டிச் சிலர் பயன்படுத்துகிறார்கள். மெல்லிய குழாய் மூச்சுக்குழாய்க்குள் சுலபமாகப் போய்விடும். வெட்டிய விளிம்பு சதையைக் குத்தும். குமிழ் இல்லாத குழாயை நீங்கள் தொட வேண்டாம்.

குழாயை உள்ளே விடுவதற்கு முன் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். குழாயைக் கன்றின் பக்கவாட்டில் வெளியே பிடித்து, குமிழ் முன்னங்காலின் முழங்கை எலும்புக்கு நேராக வரும்படி வைத்து, மூக்கு நுனி படும் இடத்தில் பிளாஸ்டர் ஒட்டுங்கள். உள்ளே போக வேண்டிய நீளம் அதுதான். சில குழாய்கள் அவ்வளவு நீளம் இருக்காது. குமிழ் கழுத்தின் அடியைத் தாண்டி நெஞ்சுக்குள் இறங்கும் அளவு இருந்தால் போதும். கழுத்தின் நடுவிலேயே நின்றுவிட்டால் பால் தொண்டைக்கு எதிர்த்து வரும்.

கன்று நிற்க முடிந்தால் அதன் பின்பக்கத்தைச் சுவரின் மூலைக்குத் தள்ளி, தலையை உங்கள் இரு கால்களுக்கு நடுவே மெதுவாகப் பிடியுங்கள். நிற்க முடியாவிட்டால் நெஞ்சு தரையில் பட, கால்களை மடக்கி உட்காரும்படி நிமிர்த்தி, பக்கத்தில் வைக்கோல் மூட்டையை முட்டுக்கொடுங்கள். பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும் கன்றுக்குக் குழாயில் ஒரு சொட்டும் விடக்கூடாது. தலை இயல்பாகவே இருக்கட்டும். மூக்கு காதைவிட உயரக்கூடாது. போத்தலால் ஊற்றிய பழக்கத்தில் தலையைத் தூக்கத் தோன்றும். தூக்கினால் மூச்சுக்குழாயின் வழி நேராகத் திறந்துகொள்ளும்.

குழாயின் கிளிப்பை மூடிவைத்து, குமிழை வெதுவெதுப்பான சீம்பாலில் நனையுங்கள். உதட்டின் ஓரத்தில் கட்டைவிரலை விட்டால் பல் இல்லாத இடைவெளியில் வாய் திறக்கும். அந்த ஓரமாகவே குமிழை நாக்கின்மேல் வைத்து, கன்றின் இடப்பக்கத்தை ஒட்டி மெதுவாகப் பின்னே கொண்டுபோங்கள். நாக்கின் அடியை அடைந்ததும் ஒரு தடை தெரியும். அங்கே நிறுத்தி, கன்று மென்று விழுங்கும் வரை காத்திருங்கள். விழுங்கும் அந்த நொடியில் குமிழ் தானாகவே வழுக்கிக்கொண்டு இறங்கும். பலம் கொடுத்துத் தள்ள வேண்டிய கட்டமே இதில் கிடையாது. தள்ளினால் தொண்டைச் சுவர் கிழியும். அது அன்றைக்குத் தெரியாது. இரண்டு மூன்று நாள் கழித்துக் கழுத்து வீங்கி நாற்றமெடுக்கும்போதுதான் தெரியவரும்.

குமிழ் இறங்கியதும் கழுத்தின் நடுப்பகுதி வரை விட்டு, அங்கே நிறுத்துங்கள். ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கழுத்தைத் தடவுங்கள். கழுத்தின் அடிப்பக்கத்தில், தோலுக்குக் கீழே வளையம் வளையமாகக் கெட்டியாகத் தட்டுப்படுவது மூச்சுக்குழாய். உணவுக்குழாய் அதற்கு இடப்புறத்தில், சற்று மேலாக ஓடுகிறது. வெறுமையாக இருக்கும்போது அது கைக்குத் தட்டுப்படாது. குழாய் அதற்குள் இருந்தால்தான் தட்டுப்படும். ஆகவே உங்கள் விரல்களுக்கு இரண்டு குழல்கள் தெரிய வேண்டும்: வளையங்கள் உள்ள ஒன்று, அதன் பக்கத்தில் வழுவழுப்பான இன்னொன்று. இப்போது குழாயை ஓர் அங்குலம் முன்னும் பின்னும் மெதுவாக அசையுங்கள். அந்த இரண்டாவது குழலில், தோலுக்கடியில், ஒரு சிறிய நெல்லிக்காய் போலக் குமிழ் நகர்வது விரலுக்குத் தெரியும். தெரிந்தால் சரியான இடம். மூச்சுக்குழாய் ஒன்று மட்டுமே தட்டுப்பட்டு, அசைக்கும்போது குமிழ் தெரியாவிட்டால், சந்தேகப்பட்டுக்கொண்டு நிற்காதீர்கள். வெளியே எடுத்து, கன்றை ஒரு நிமிடம் மூச்சுவிட விட்டு, மீண்டும் தொடங்குங்கள்.

“இருமவில்லை, அதனால் சரியாகத்தான் போயிருக்கிறது” என்று பலர் முடிவுசெய்துவிடுகிறார்கள். திடமான கன்று என்றால் மூச்சுக்குழாயில் எதுவும் பட்டதும் இருமும், திமிறும். குளிர்ந்து சோர்ந்த கன்றுக்கு இருமும் வலிமைகூட இருக்காது. குழாய் தேவைப்படுவதே அப்படிப்பட்ட கன்றுக்குத்தான். ஆகவே இருமினால் குழாயை உடனே எடுங்கள். இருமாததைச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பை பொருத்தாத குழாயின் கிளிப்பைக் கொஞ்ச நேரம் திறந்து, வெளி முனையைக் கன்னத்தருகே பிடித்து, கன்றின் மூச்சோடு சேர்ந்து காற்று வந்து போகிறதா என்றும் பார்த்துவிட்டு மூடலாம். அப்படி வந்தால் அது மூச்சுக்குழாய். ஆனால் பலவீனமான மூச்சு கன்னத்துக்குத் தெரியாமல் போகலாம். கழுத்தில் இரண்டு குழல்களை விரலால் உணராமல் பாலை விடாதீர்கள்.

உணர்ந்த பிறகு பிளாஸ்டர் அடையாளம் வரை குழாயை இறக்கி, பையை இணைத்து, கன்றின் தலைக்குச் சற்று மேலே பிடித்துக் கிளிப்பைத் திறவுங்கள். பால் தன் பாரத்தால் இறங்கட்டும், பையைப் பிழியக்கூடாது. ஒன்றரை லீட்டர் இறங்க மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். அதைவிட வேகமாகப் போனால் பையைத் தாழ்த்துங்கள். அந்த நேரம் முழுவதும் உங்கள் பார்வை பையில் அல்ல, கன்றின் மூக்கிலும் வாயிலும் இருக்கட்டும். மூக்கில் பால் தெரிந்தாலோ, கன்று இருமினாலோ, திமிறினாலோ, மூச்சு திணறினாலோ, பையைத் தரைக்குத் தாழ்த்தி, கிளிப்பை மூடி, குழாயை உருவிவிடுங்கள். மிச்சப் பாலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

பால் முடிந்ததும் கிளிப்பை மூடி, குழாயையும் கையால் மடக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரே சீராக விரைந்து இழுத்து எடுங்கள். மூடாமல் எடுத்தால் குழாயில் நிற்கும் பால் தொண்டையைத் தாண்டும்போது மூச்சுக்குழாயின் வாயில் சொட்டும். எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு இந்தக் கடைசி இடத்தில் தவறவிடுகிறவர்கள் உண்டு. கன்றை நெஞ்சில் உட்கார்ந்த நிலையிலேயே விட்டுப் போர்த்துங்கள்.

ஆறு மணி நேரம் கழித்து அடுத்த பங்குக்கு முன் மறுபடியும் விரலை வாயில் வைத்துப் பாருங்கள். சூடும் முதல் சீம்பாலும் ஏறிய பிறகு பல கன்றுகள் உறிஞ்சத் தொடங்கிவிடும். தொடங்கிவிட்டால் குழாயை எடுத்து வைத்துவிடுங்கள். இன்னும் உறிஞ்சாவிட்டால், வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். இடப்பக்கம் உப்பி இறுகியிருந்தால் மேலும் எதுவும் கொடுக்காதீர்கள். மென்மையாக இருந்தால் இரண்டாவது ஒன்றரை லீட்டரை அதே முறையில், கழுத்தை மறுபடியும் முதலிலிருந்து சோதித்துக் கொடுங்கள்.

அதற்கு மேல் குழாயிலேயே வளர்க்க முயல வேண்டாம். கன்று தானாக உறிஞ்சும்போது உணவுக்குழாயின் அடியில் ஒரு மடிப்பு மூடிக்கொண்டு, பாலை நேரே நான்காவது வயிற்றுக்கு அனுப்புகிறது. குழாயில் விடும் பாலுக்கு அந்த மடிப்பு மூடாது. பால் முதல் வயிற்றில் விழுந்து, அங்கிருந்துதான் வழிந்து போகும். புதிதாகப் பிறந்த கன்றுக்கு ஒன்றிரண்டு தடவை சீம்பால் அப்படிப் போவதால் தீங்கில்லை. நாட்கணக்கில் சாதாரணப் பாலைக் குழாயில் விட்டால் அது முதல் வயிற்றில் தங்கிப் புளித்து, கன்று உப்பிச் சோர்ந்துவிடும். பன்னிரண்டு மணி நேரத்தில் இரண்டு தடவை கொடுத்தும் உறிஞ்சாத கன்றை அரச கால்நடை வைத்தியரிடம் காட்டியாக வேண்டும். இரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கலாம், தொற்று இருக்கலாம். அதற்கு இரத்தநாளம் வழியே மருந்து தேவைப்படும். தலையைத் தூக்கவே முடியாத கன்றுக்கும், எப்படி முயன்றும் குமிழை விழுங்காத கன்றுக்கும் முதல் தடவைகூட நீங்கள் குழாய் போடாமல் வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

அடுத்த இரண்டு மூன்று நாட்களுக்குக் காலையும் மாலையும் சூட்டைப் பாருங்கள். 39.5க்கு மேல் ஏறி, வயிறு ஏறி இறங்க வேகமாக மூச்சு வாங்கி, இருமலோ மூக்கில் நுரையோ தெரிந்தால் நுரையீரலில் பால் போயிருக்கக்கூடும். அன்றே மருந்து தொடங்கினால் பிழைக்கும் கன்றுகள் உண்டு. உங்கள் முந்தைய கன்றுக்கு நடந்ததுபோல் மூன்றாம் நாள் வரை பார்த்திருக்க வேண்டாம்.

குழாயையும் பையையும் வேலை முடிந்த உடனேயே வெதுவெதுப்பான தண்ணீரில் அலசுங்கள். முதலிலேயே வெந்நீர் ஊற்றினால் பால் உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும். பிறகு சவர்க்காரம் போட்ட வெந்நீரை உள்ளே ஓட்டி, நீண்ட தூரிகையால் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, குமிழ் கீழே தொங்கும்படி மாட்டிக் காயவையுங்கள். கழிச்சல் கண்ட கன்றுக்குப் பயன்படுத்திய குழாயைப் புதிதாகப் பிறந்த கன்றுக்கு எடுக்காதீர்கள். உங்களுக்கு வந்திருப்பது இன்னொருவர் தொழுவத்திலிருந்து வந்த குழாய். மாடு ஈனும் வரை காத்திராமல், இன்றைக்கே அதைக் கழுவி, குமிழைத் தடவிப் பார்த்து, கிளிப் இறுக்கமாக மூடுகிறதா என்று தண்ணீர் ஊற்றிச் சோதித்து வையுங்கள்.